டெவலப்பர்களுக்குத் தேவைக் குறிப்பு எழுதுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்களுக்கு வேண்டியது ஒரு பட்டன். அதை "பட்டன் வேண்டும்" என்று எழுதினால் என்ன தப்பு?

பட்டன் கிடைத்துவிடும், பிரச்சினை அப்படியே இருக்கும். எனக்கு நடந்ததையே சொல்கிறேன்.

வாடிக்கையாளர்கள் திருப்பி அனுப்பும் பொருட்களுக்குப் பணத்தைத் திரும்பக் கொடுக்கும் குழுவில் ஆறு பேர் இருந்தோம். நாளுக்குச் சுமார் 300 ரிட்டர்ன் வரும். பொருள் கிடங்குக்கு வந்து 7 நாட்களுக்குள் பணம் போய்ச் சேர வேண்டும் என்பது வாடிக்கையாளருக்கு நாங்கள் கொடுத்த வாக்கு. வாரத்துக்கு இருபது பேருக்காவது அது தவறிக்கொண்டிருந்தது. எங்களில் ஒருவர் தினமும் காலையில் கிடங்கிலிருந்து வரும் கோப்பையும் ரீஃபண்ட் மென்பொருளில் தெரியும் விவரங்களையும் எக்ஸெல்லில் வைத்து, `VLOOKUP` போட்டு, எது விட்டுப்போயிருக்கிறது என்று தேடுவார். அதற்கே ஒன்றரை மணி நேரம் ஆகும்.

அவருடைய கஷ்டத்தைப் பார்த்து நான் எழுதிய குறிப்பு இரண்டே வரி: "ரிட்டர்ன் ஸ்க்ரீனில் வலது மேல் மூலையில் எக்ஸ்போர்ட் பட்டன் வேண்டும். எல்லா நெடுவரிசைகளும் எக்ஸெல்லில் வர வேண்டும்." டெவலப்பர்கள் மூன்று வாரத்தில் செய்துகொடுத்தார்கள். கேட்டது கேட்டபடியே இருந்தது. பட்டனை அழுத்தினால் ஒரு மாத விவரம், ஒன்பதாயிரம் வரிகள், கச்சிதமாக வந்து விழுந்தது. காலை வேலை ஒன்றரை மணி நேரத்திலிருந்து ஒன்றே கால் மணி நேரமானது. தவறும் இருபது பேர் இருபதாகவே இருந்தார்கள்.

பிறகு அந்தக் குழுவின் டெவலப்பர் ஒருவர் எங்கள் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு காலை முழுவதும் பார்த்தார். "இதைத் தேடத்தானா அந்தப் பட்டன்?" என்று கேட்டார். வாடிக்கையாளர் ஒரே ரிட்டர்னில் இரண்டு பொருட்களைப் பதிவு செய்தால், இரண்டும் கிடங்குக்கு வந்த பிறகுதான் அது எங்கள் வரிசைக்கே வரும்படி மென்பொருள் எழுதப்பட்டிருந்தது. ஒன்று வந்து, மற்றொன்று வழியில் தங்கிவிட்டால் அந்த ரிட்டர்ன் எங்கள் கண்ணிலேயே படாது. காத்திருப்பதற்கு எல்லையும் வைக்கப்பட்டிருக்கவில்லை. தவறிய இருபதில் பெரும்பாலானவை இந்த வகை. இது அவருக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. எங்களுக்கு எங்கே வலிக்கிறது என்பது எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. நான் பட்டனைக் கேட்டபோது, இந்த இரண்டும் சந்திக்கவே வழியில்லாமல் செய்துவிட்டேன்.

அப்படியானால் அந்தக் குறிப்பை எப்படி எழுதியிருக்க வேண்டும்?

பட்டன் அனுபவத்துக்குப் பிறகு எழுதிய குறிப்பை, உள் விவரங்களைச் சுருக்கித் தருகிறேன்.

> பிரச்சினை. பொருள் கிடங்குக்கு வந்து 7 நாட்களுக்குள் பணம் தருவதாக வாடிக்கையாளருக்குச் சொல்லியிருக்கிறோம். வாரத்துக்குச் சுமார் 20 ரிட்டர்ன்களில் இது தவறுகிறது. தவறியதே வாடிக்கையாளர் போன் செய்யும்போதுதான் எங்களுக்குத் தெரிகிறது.
>
> இப்போது நடப்பது. ரீஃபண்ட் குழுவில் ஒருவர் தினமும் காலை 9 முதல் 10.30 வரை கிடங்குக் கோப்பையும் ரிட்டர்ன் விவரங்களையும் ஒப்பிடுகிறார். கிடங்குக் கோப்பில் இருப்பது பார்சல் எண், ரிட்டர்னில் இருப்பது ஆர்டர் எண். இரண்டையும் கையால்தான் பொருத்துகிறோம்.
>
> வேண்டியது. வேலைநாள் காலை 9 மணிக்கு, பொருள் வந்து 4 நாட்கள் ஆகியும் பணம் அனுப்பப்படாத ரிட்டர்ன்கள் எவை என்பது, எந்தக் கோப்பையும் ஒப்பிடாமல், ரீஃபண்ட் குழுவில் உள்ள எவருக்கும் தெரிய வேண்டும். ஒவ்வொன்றும் எதனால் நிற்கிறது என்பதும் தெரிய வேண்டும்.
>
> மாறக்கூடாதது. ரீஃபண்டைப் பதிவு செய்தவரே அதற்கு ஒப்புதல் தரக்கூடாது. இது தணிக்கை விதி. கேள்வி இருந்தால் நிதிப் பிரிவைக் கேட்கலாம்.
>
> இதில் சேராதது. பரிமாற்றம், அதாவது பணத்துக்குப் பதில் வேறு பொருள் கேட்பவை.
>
> சரியாகிவிட்டது என்று எப்படி அறிவோம். தொடர்ந்து நான்கு வாரங்களில், வாரத்துக்கு இரண்டுக்கு மேல் கெடு தவறக்கூடாது. காலை ஒப்பீட்டு வேலை அடியோடு நின்றிருக்க வேண்டும்.
>
> எங்களுக்கே தெரியாதது. ஒரு ரிட்டர்னில் பாதிப் பொருள்தான் வந்திருக்கிறது என்றால், 7 நாள் எப்போது தொடங்குகிறது? இந்த வாரத்துக்குள் எங்கள் தலைவரிடம் கேட்டுச் சொல்கிறோம்.

இதில் பட்டியல், மின்னஞ்சல், ஸ்க்ரீன், நிறம், எக்ஸெல் என்ற பேச்சே கிடையாது. ஆனால் யார், எப்போது, எதைத் தெரிந்துகொள்ள வேண்டும், தெரியாவிட்டால் என்ன ஆகிறது என்பதில் சந்தேகத்துக்கு இடமில்லை. கடைசிப் பத்தியை நான் மிகவும் மதிக்கிறேன். நமக்குத் தெரியாததை ஒளித்து வைத்தால் டெவலப்பர் ஏதோ ஒன்றை ஊகித்துக்கொண்டு எழுதிவிடுவார். அந்த ஊகம் பல மாதம் கழித்துத்தான் வெளியே வரும்.

டெவலப்பர்கள் செய்தது: பொருள்வாரியாகப் பிரித்து, ஒவ்வொரு பொருளும் கிடங்குக்கு வந்தவுடன் எங்கள் வழக்கமான வரிசைக்கே வரும்படி மாற்றினார்கள். கெடு நெருங்குவது மேலே நிற்கும்படி வரிசையை ஒழுங்குபடுத்தினார்கள். எட்டு நாள் வேலை. எக்ஸ்போர்ட் பட்டனை அதற்குப் பிறகு நாங்கள் தொடவில்லை.

நான் எழுதியிருப்பது தேவையா, தீர்வா? எப்படிக் கண்டுபிடிப்பது?

நான் செய்யும் சோதனை ஒன்றுதான். எழுதிய வாக்கியத்தை எடுத்துக்கொண்டு, அதை நிறைவேற்ற ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இரண்டு வழிகள் தோன்றுகின்றனவா என்று பார்ப்பேன். "எந்த ரிட்டர்ன் தாமதமாகப் போகிறது என்பது காலை 9 மணிக்குத் தெரிய வேண்டும்" என்றால், மின்னஞ்சல் அனுப்பலாம், வரிசையை மாற்றலாம், தாமதமே வராமல் பணத்தைத் தானாக அனுப்பலாம். மூன்று வழி திறந்திருக்கிறது, ஆகவே அது தேவை. "எக்ஸ்போர்ட் பட்டன் வேண்டும்" என்றால் எக்ஸ்போர்ட் பட்டன் வைப்பதைத் தவிர வேறு வழி இல்லை. அது தீர்வு.

தேவைகளை எழுதுவதற்கான சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ/ஐஇசி/ஐஇஇஇ 29148, தன் 2011 பதிப்பில், நல்ல தேவைக்கு உரிய குணங்களில் ஒன்றாக இதையே வைத்தது: எப்படிச் செய்வது என்பது கலவாமல், என்ன வேண்டும் என்பதைச் சொல்ல வேண்டும்.

சொற்களும் காட்டிக்கொடுக்கும். பட்டன், டிராப்டவுன், டேபிள், நெடுவரிசை, பாப்அப், டேஷ்போர்டு என்ற பெயர்ச்சொற்கள் உங்கள் குறிப்பில் வந்தால் அங்கே ஒரு நிமிடம் நில்லுங்கள். தப்பு என்று இல்லை, அதற்குப் பின்னால் எழுதப்படாத ஒரு தேவை ஒளிந்திருக்க வாய்ப்பு அதிகம். "டேஷ்போர்டு" என்ற சொல் குறிப்பாக ஆபத்தானது. அதைக் கேட்பவர்களில் பலருக்கு, அதைப் பார்த்துவிட்டு அடுத்து என்ன செய்யப்போகிறோம் என்பது தெரிந்திருக்காது.

எங்கள் மேனேஜரே "இந்த இடத்தில் டிராப்டவுன் வையுங்கள்" என்கிறார். அவரிடம் எப்படிப் பேசுவது?

"அது எதற்கு?" என்று நேராகக் கேட்டால் எதிர்க்கேள்வி போலத் தொனிக்கும். நான் கேட்கும் கேள்வி வேறு: "சார், அது வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அதில் ஒன்றைத் தேர்ந்தெடுத்த பிறகு நீங்கள் அடுத்து என்ன செய்வீர்கள்?" இதற்கு யாரும் கோபப்படுவதில்லை. ஒருமுறை கிடைத்த பதில் இது: "ரிட்டர்ன் வந்த காரணத்தை ஆளுக்கொரு மாதிரி எழுதுகிறார்கள். 'உடைந்தது', 'டேமேஜ்', 'கீறல்' என்று. மாதக் கடைசியில் எந்தப் பொருளில் எத்தனை பழுது என்று எண்ண முடியவில்லை." தேவை அங்கே வெளிப்பட்டுவிட்டது: பழுதால் வந்த ரிட்டர்ன்களைப் பொருள்வாரியாக மாதந்தோறும் எண்ண முடிய வேண்டும். டிராப்டவுன் அதற்கு ஒரு வழி. கிடங்கில் பொருளைப் பரிசோதிப்பவர் ஏற்கெனவே ஒரு குறியீடு போடுகிறார் என்றால் அதை எடுத்துக்கொள்வது இன்னொரு வழி. அப்போது யாரும் புதிதாக எதையும் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை.

அதற்காக மேனேஜர் சொன்னதைக் குப்பையில் போடச் சொல்லவில்லை. குறிப்பின் கடைசியில் "எங்களுக்குத் தோன்றிய யோசனை" என்று தனித்தலைப்பு போட்டு, அவர் சொன்ன டிராப்டவுனை அங்கே எழுதுங்கள். "இதைவிட நல்ல வழி இருந்தால் அதையே செய்யலாம்" என்று ஒரு வரி சேருங்கள். யோசனை தேவைக்குள் கலந்துவிடக்கூடாது, அவ்வளவுதான். கலந்தால், எதை மாற்றலாம், எதை மாற்றக்கூடாது என்று படிப்பவருக்குப் பிரித்தறிய முடியாது.

சில விஷயங்கள் இப்படித்தான் இருந்தாக வேண்டும். அதையும் சொல்லக்கூடாதா?

கண்டிப்பாகச் சொல்லுங்கள். வங்கி குறிப்பிட்ட வடிவத்தில்தான் கோப்பை வாங்கும் என்றால் அந்த வடிவத்தை இணையுங்கள். கார்டில் அச்சிட்டிருக்கும் பாதுகாப்பு எண்ணை, பரிவர்த்தனைக்கு ஒப்புதல் கிடைத்த பிறகு சேமித்து வைக்கக்கூடாது என்பது கார்டு பணப் பாதுகாப்புக்கான பிசிஐ டிஎஸ்எஸ் தரத்தின் விதி. இதிலெல்லாம் டெவலப்பருக்குத் தேர்வே கிடையாது. அதை முதலிலேயே சொல்லிவிடுவதுதான் நியாயம்.

நான் வைத்திருக்கும் வழக்கம், ஒவ்வொரு கட்டாயத்துக்கும் பக்கத்தில் இரண்டு விவரம் எழுதுவது: இது எங்கிருந்து வந்தது, யாரைக் கேட்டால் இதை மாற்றலாம். அப்படி எழுதத் தொடங்கினால் ஆச்சரியமான ஒன்று நடக்கும். "கட்டாயம்" என்று நாம் நினைத்திருந்தவற்றில் சில, யாரும் போடாத விதிகளாக இருக்கும். "ரீஃபண்ட் எண் ஆறு இலக்கம்தான்" என்று எங்கள் குழுவில் எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தோம். தேடிப்பார்த்தால், பழைய மென்பொருளில் அந்தப் பெட்டியில் ஆறு இலக்கம்தான் பிடிக்கும் என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் இல்லை.

"வேகமாக", "எளிதாக" என்று எழுதக்கூடாது என்கிறார்கள். பிறகு எப்படிச் சொல்வது?

வேலையின் அளவில் சொல்லுங்கள். "வாடிக்கையாளர் போனில் காத்திருக்கும்போது பார்க்க வேண்டியது, ஐந்து விநாடிக்கு மேல் ஆனால் அவரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டியிருக்கிறது" என்றால் அதில் எண்ணும் இருக்கிறது, காரணமும் இருக்கிறது. "புதிதாகச் சேர்ந்தவர் அரை நாள் பக்கத்தில் இருந்து பார்த்துவிட்டுத் தானே செய்ய வேண்டும்" என்பது "எளிதாக" என்பதைவிடப் பலமடங்கு தெளிவு.

தகவல் எவ்வளவு புதிதாக இருக்க வேண்டும் என்பதையும் மறக்காதீர்கள். "உடனுக்குடன்" என்று எழுதினால் அதற்கான உழைப்பு கூடிவிடும். எங்கள் வேலைக்கு முந்தைய நாள் இரவு வரையிலான விவரமே போதுமாக இருந்தது.

உதாரணம் கொடுக்கச் சொல்கிறார்கள். எத்தனை கொடுப்பது, எப்படிப்பட்டது?

குறிப்பில் நீங்கள் நேரம் செலவிட வேண்டிய இடம் இதுதான். விதியை எவ்வளவு கவனமாக எழுதினாலும் அதில் ஓட்டை இருக்கும். தேதி போட்டு ஓர் உதாரணம் எழுதிப்பார்த்தால் அந்த ஓட்டை தெரியும்.

மேலே உள்ள குறிப்பில் "பொருள் வந்து 4 நாட்கள் ஆகியும்" என்று எழுதியிருக்கிறேன். கெடு 7 நாள், நான்காம் நாளில் தெரிந்தால் சரிசெய்ய மூன்று நாள் இருக்கும் என்பது என் கணக்கு. உதாரணம் எழுத உட்கார்ந்தேன். பொருள் செவ்வாய்க்கிழமை வருகிறது. நான்காம் நாள் சனிக்கிழமை. எங்களுக்குச் சனி, ஞாயிறு விடுமுறை. ஆகவே நாங்கள் அதைப் பார்ப்பது திங்கள் காலை. கெடு செவ்வாய். சரிசெய்ய மூன்று நாள் என்று நினைத்தது ஒரே நாளாகச் சுருங்கிவிட்டது.

அப்போதுதான், எங்களுக்கு வேண்டியது "4 நாட்கள்" என்ற எண்ணே கிடையாது என்று புரிந்தது. கெடுவுக்கு முன்னால் எங்கள் கையில் முழுசாக இரண்டு வேலைநாள் இருக்க வேண்டும். குறிப்பை அப்படியே திருத்தினேன்: "கெடு நாளுக்கு முன் குறைந்தது இரண்டு வேலைநாள் கையில் இருக்கும்படி தெரிய வேண்டும்." கீழே உதாரணங்கள்:

- பொருள் வந்தது செவ்வாய், கெடு அடுத்த செவ்வாய். வெள்ளி காலை 9 மணிக்குத் தெரிய வேண்டும்.
- பொருள் வந்தது வெள்ளி, கெடு அடுத்த வெள்ளி. புதன் காலை தெரிய வேண்டும்.
- பொருள் வந்தது ஞாயிறு, கெடு அடுத்த ஞாயிறு. வியாழன் காலை தெரிய வேண்டும்.
- பொருள் வந்தது செவ்வாய், பணம் வியாழனன்றே போய்விட்டது. தெரியவே கூடாது.

நான்காவது உதாரணத்தைப் பலர் விட்டுவிடுவார்கள். எது வரக்கூடாது என்பதற்கும் ஓர் உதாரணம் இருந்தாக வேண்டும். எண்ணிக்கையைப் பற்றிக் கேட்டால், சாதாரணமாக நடப்பது ஒன்று, எல்லையில் நிற்பவை இரண்டோ மூன்றோ, வரக்கூடாதது ஒன்று. முடிந்தால், உங்கள் குழுவில் உண்மையிலேயே தலைவலி கொடுத்த பழைய சம்பவத்தை எடுத்து, வாடிக்கையாளர் பெயரையும் எண்ணையும் நீக்கிவிட்டுக் கொடுங்கள். கற்பனை உதாரணத்தில் எல்லாமே ஒழுங்காக இருக்கும். உண்மைச் சம்பவத்தில்தான் ஒரே பார்சலில் இரண்டு பேருடைய பொருள் வந்து சேரும்.

தேவையை மட்டும் சொல்லி விட்டுவிட்டால், அவர்கள் இஷ்டத்துக்கு ஏதாவது செய்துவிட மாட்டார்களா?

குறிப்பைக் கொடுத்துவிட்டு மூன்று வாரம் காணாமல் போனால் நடக்கும். தீர்வை அவர்களிடம் விடுவது வேறு, தீர்வைப் பார்க்காமலே இருப்பது வேறு. குறிப்பு படித்த இரண்டு மூன்று நாளில் "என்ன செய்யப்போகிறீர்கள் என்று காகிதத்தில் வரைந்து காட்டுங்கள்" என்று கேளுங்கள். காட்டும்போது உங்கள் உதாரணங்களை ஒவ்வொன்றாக எடுத்து, "செவ்வாய் வந்த பொருள் வெள்ளி காலை எங்கே தெரியும்?" என்று விரலால் தொட்டுக் கேளுங்கள். காட்ட முடியவில்லை என்றால் தீர்வில் குறை இருக்கிறது, அல்லது உங்கள் குறிப்பில் இருக்கிறது. எங்கே இருந்தாலும் அந்தக் கட்டத்தில் திருத்துவதற்கு ஒரு பேனா போதும்.

அங்கே உங்கள் ரசனையைக் கொண்டுவராதீர்கள். "எனக்கு அது இடது பக்கம் இருந்தால் பிடிக்கும்" என்பதற்கும் "இடது பக்கம் ஏற்கெனவே ஒப்புதல் பட்டன் இருக்கிறது, அவசரத்தில் தப்பாக அழுத்திவிடுவார்கள்" என்பதற்கும் நிறைய வித்தியாசம். இரண்டாவது, குறிப்பில் எழுதாமல் விட்டுப்போன தேவை. அதைக் குறிப்பில் சேர்த்துவிடுங்கள்.

யூசர் ஸ்டோரி வடிவத்தில் எழுதினால் போதாதா?

"இன்னாராகிய எனக்கு, இது வேண்டும், இதற்காக" என்ற அந்த வடிவம் 2001 வாக்கில் கனெக்ஸ்ட்ரா என்ற நிறுவனத்தில் உருவானது. பேச்சைத் தொடங்க நல்ல வடிவம். ஆனால் அது தீர்வு திணிப்பைத் தடுக்காது. "ரீஃபண்ட் ஊழியராகிய எனக்கு, எக்ஸ்போர்ட் பட்டன் வேண்டும், எக்ஸெல்லில் எடுப்பதற்காக" என்று எழுதினாலும் வடிவம் சரியாகத்தான் இருக்கும். மூன்றாவது பகுதியை முதலில் எழுதிவிட்டு நடுப்பகுதிக்கு வாருங்கள். "இதற்காக" என்ற இடத்தில் வாடிக்கையாளருக்கோ நிறுவனத்துக்கோ நடக்கும் ஏதோ ஒன்று இருக்க வேண்டும். மென்பொருளுக்குள்ளேயே முடிந்துவிடும் ஒன்று இருந்தால் இன்னும் ஒரு படி மேலே போய்க் கேளுங்கள்.

எத்தனை பக்கம் இருக்கலாம்?

மேலே காட்டிய அளவு வேலைக்கு ஒன்றரைப் பக்கம், அதில் பாதி உதாரணங்கள். ஐந்து பக்கத்தைத் தாண்டினால் பெரும்பாலும் இரண்டு பிரச்சினைகள் ஒன்றாகக் கட்டப்பட்டிருக்கும். பிரித்துக் கொடுங்கள்.

குறிப்பை அனுப்பிவிட்டேன். டெவலப்பர் எந்தக் கேள்வியும் கேட்காமல் "சரி, செய்துவிடுகிறோம்" என்றார். நல்லதுதானே?

எனக்கு அது கவலை தரும் பதில். என் பட்டன் குறிப்புக்கு ஒரு கேள்விகூட வரவில்லை. இரண்டாவது குறிப்புக்கு முதல் நாளே பதினொரு கேள்வி வந்தது. "கிடங்கில் பொருளை வாங்கிய நேரமா, பரிசோதித்து முடித்த நேரமா, எதிலிருந்து 7 நாள்?" என்பது அதில் ஒன்று. அதை நாங்கள் யாருமே யோசித்திருக்கவில்லை. இரண்டு நேரத்துக்கும் நடுவில் சில சமயம் இரண்டு நாள் ஓடிவிடும்.

கேள்வி வரவில்லை என்றால் நீங்களே போய், "இதைப் படித்ததும் நீங்கள் என்ன புரிந்துகொண்டீர்கள் என்று உங்கள் வார்த்தையில் ஒருமுறை சொல்லுங்களேன்" என்று கேளுங்கள். அவர் சொல்வதில் "பட்டன்", "ஸ்க்ரீன்" என்ற சொற்கள் மட்டுமே வந்து, வாடிக்கையாளரோ 7 நாளோ வரவில்லை என்றால், குறிப்பின் முதல் பத்தியைத் திரும்ப எழுத வேண்டும். அதை எழுதும்போது அவரையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள்.